வாரம் 150 ரூபாய் லாட்டரியா, ஆர்.டி.யா: 40 வருஷக் கணக்கு

கேள்வி: சார், நாங்க பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம். அப்பா எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து லாட்டரி எடுக்கிறார். இப்ப எனக்கு 20 வயசு, நானும் வாரம் மூணு டிக்கெட் எடுக்க ஆரம்பிச்சுட்டேன். வாரம் 150 ரூபாய். இதையே 60 வயசு வரைக்கும் ஆர்.டி.யில போட்டா 77 லட்சம் வரும்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றார். அது உண்மையா? சின்னச் சின்னப் பரிசு அப்பப்ப விழுதே, அதை எப்படிக் கணக்குல சேர்க்கிறது?

பதில்:

77 லட்சம் வராது தம்பி. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று போட்டுப் பார்த்தேன். மாதம் 650 ரூபாய், 12 சதவீதம், மாதாமாதம் கூட்டு வட்டி, 40 வருஷம். இவற்றை வைத்தால் சரியாக 77 லட்சம் வருகிறது. இன்றைக்கு எந்தத் தபால் ஆபீஸும் ஆர்.டி.க்கு 12 சதவீதம் தருவதில்லை. லாட்டரியின் ஆசையை ஆர்.டி.யின் பெயரில் விற்கிறார்கள், அவ்வளவுதான். நான் 31 வருஷம் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன். கையில் எவ்வளவு வரும் என்று நானே போட்டுக் காட்டுகிறேன்.

வாரம் 150 என்றால் வருஷத்துக்கு 7,800, மாதத்துக்கு 650. தபால் ஆபீஸ் ஆர்.டி.க்குக் குறைந்தபட்சம் 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்கு. அதனால் 650 அப்படியே பொருந்துகிறது. 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டு. ஐந்து வருஷம், அதாவது 60 தவணை கட்டினால் நீ போட்டது 39,000, கையில் வருவது 46,387. வட்டி மட்டும் 7,387.

ஆர்.டி. அங்கே முதிர்ந்துவிடுகிறது. யூடியூப்காரர் சொல்லாமல் விடுவது இதைத்தான். 40 வருஷ ஆர்.டி. என்று ஒன்று கிடையாது. இருப்பது ஐந்து வருஷ ஆர்.டி., அது எட்டு முறை. ஒவ்வொரு முறை முதிரும்போதும் ஒரு மொத்தத் தொகை கையில் வந்து விழும். அதைத் திரும்பவும் ஆர்.டி.க்குள் போட முடியாது, ஏனென்றால் ஆர்.டி. மாதத் தவணையை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். அந்தத் தொகை எங்கே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் உன் 40 வருஷமும்.

ஒவ்வொரு முறையும் வந்த பணத்தைச் செலவழித்துவிட்டு அடுத்த ஆர்.டி.யை ஆரம்பித்தால், 40 வருஷத்தில் உன் கைக்கு வந்துபோனது எட்டு 46,387, அதாவது 3.71 லட்சம். கட்டியது 3.12 லட்சம். டிக்கெட்டை விடத் தேவலாம், ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. அதுவே, முதிர்ந்த தொகையை ஒவ்வொரு முறையும் அதே 6.7 சதவீதத்தில் பூட்டிவைத்து, பக்கத்தில் புது ஆர்.டி.யையும் ஓட்டினால் 60 வயதில் 15.6 லட்சம். கட்டிய பணம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க அந்த ஏழு முதிர்வு நாட்களில் நீ என்ன செய்தாய் என்பதில் இருக்கிறது.

கவுண்ட்டரில் நான் பார்த்ததும் அதுவே. பாஸ்புக்கைக் கொண்டுவந்து மூடுகிறவர்களில் பெரும்பாலானோர் பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிக்சி, கம்மல், கூரை ஓடு. அதில் தப்பில்லை, அதற்காகத்தான் போட்டார்கள். ஆனால் அப்படிச் செய்கிறவர் 15 லட்சக் கணக்கைக் காட்டிப் பேசக் கூடாது.

பூட்டிவைக்க எனக்குச் சுலபமாகத் தோன்றுவது தேசிய சேமிப்புப் பத்திரம், என்.எஸ்.சி. அதுவும் ஐந்து வருஷம், அதுவும் அதே கவுண்ட்டரில். இப்போது 7.7 சதவீதம், வட்டி உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். உன் முதல் 46,387-இல் 46,300-க்குப் பத்திரம் எடுத்தால் ஐந்து வருஷத்தில் 67,090 ஆகும். ஆர்.டி.யும் பத்திரமும் ஒரே சமயத்தில் முதிரும், இரண்டையும் சேர்த்து அடுத்த பத்திரம். டைம் டெபாசிட்டும் இருக்கிறது. ஆனால் அதில் வட்டியை வருஷா வருஷம் வெளியே கொடுத்துவிடுவார்கள், அது சேமிப்புக் கணக்கில் கிடந்து கரைந்துபோகும்.

15.6 லட்சம் என்பதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்.டி. ஆரம்பிக்கும் நாளில் உள்ள வட்டி அந்த ஐந்து வருஷத்துக்கு மாறாது. அடுத்த ஆர்.டி.க்கு அன்றைய வட்டி. 2003-லிருந்து 2011 வரை 7.5 சதவீதம் கொடுத்தோம், 2020-இல் 5.8-க்கு இறங்கியது. 40 வருஷமும் 5.8-தான் என்றால் 12.2 லட்சம், 7.5 என்றால் 19.5 லட்சம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழும் என்று வைத்துக்கொள்.

விலைவாசியையும் சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், 40 வருஷம் கழித்துக் கிடைக்கும் 15.6 லட்சத்தின் இன்றைய மதிப்பு 2.2 லட்சம். இதைச் சொன்னால் எல்லாருக்கும் முகம் வாடிவிடும். ஆனால் நீ கட்டும் பணத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும். கடைசி வருஷங்களில் கட்டும் 650 இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். அப்படிப் பார்த்தால் நீ கட்டியது இன்றைய மதிப்பில் 1.35 லட்சம் அளவுக்குத்தான். 1.35 போட்டு 2.2 எடுக்கிறாய். ஆர்.டி. உன்னைப் பணக்காரனாக்காது. பணத்தைக் கரையவிடாமல் வைத்து, மேலே கொஞ்சம் கொடுக்கும்.

டிக்கெட் விலையும் 150-லேயே நிற்காது. கேரள லாட்டரியின் முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-இல் நடந்தபோது டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. 2020 மார்ச்சில் 30 ரூபாய் டிக்கெட் 40 ஆனது, 2025-இல் 50 ஆனது. ஒரு ரூபாயிலிருந்து 50 வரை 57 வருஷம், கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு 7 சதவீதம். ஆர்.டி.யில் பணம் வளர்கிற வேகத்தில் டிக்கெட் விலையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்பது எனக்கே இதை எழுதும்போதுதான் உறைத்தது. அதனால் மூன்று டிக்கெட் என்கிற பழக்கத்தை நீ வைத்துக்கொண்டால் செலவு தானாக ஏறும். ஆர்.டி. தவணை நீயாக ஏற்றினால்தான் ஏறும்.

சரி, இனி டிக்கெட் பக்கம்.

வாராந்திர டிக்கெட்டுக்கு 12 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 100000 முதல் 999999 வரை 9 லட்சம் எண். எல்லாம் அச்சடித்து விற்றால் 1.08 கோடி டிக்கெட், அதில் முதல் பரிசு ஒன்று. நீ வாரம் மூன்று வீதம் 40 வருஷம் எடுத்தால் 6,240 டிக்கெட். 1.08 கோடியை 6,240-ஆல் வகுத்தால் 1,730. உன்னைப் போல 1,730 பேர் 20 வயதிலிருந்து 60 வயது வரை ஒரு வாரம்கூடத் தவறாமல் எடுத்தால், அதில் ஒருவருக்கு ஒரு முறை முதல் பரிசு விழும் என்று எதிர்பார்க்கலாம்.

அந்த ஒருவருக்கும் முதல் பரிசான ஒரு கோடி முழுசாகக் கைக்கு வராது. ஏஜென்ட் கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்தால் 90 லட்சம். அதில் 30 சதவீத வருமான வரி, 50 லட்சத்தைத் தாண்டியதால் அந்த வரியின் மேல் சர்சார்ஜ், அதற்கும் மேல் செஸ். எல்லாம் போக 59 லட்சம் வாக்கில் மிஞ்சும். வேறு வருமானமே இல்லாதவராக இருந்தாலும் லாட்டரிப் பரிசுக்கு வரிவிலக்கு வரம்பு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். ஆர்.டி. வட்டிக்கும் வரி உண்டு, ஆனால் அது உன் மொத்த வருமானத்தோடு சேர்ந்து சாதாரணக் கணக்கில் போகும். உன் சம்பளத்துக்கு அநேகமாக ஒன்றும் வராது.

அந்த 59 லட்சத்தை 15.6 லட்சத்தின் பக்கத்தில் வைத்துப் பார். நான்கு மடங்குகூட இல்லை. ஆனால் ஒரு பக்கம் 1,730 பேரில் ஒருவர், மறு பக்கம் 1,730 பேரும். டிக்கெட்டுக்கு ஒரு நியாயம் கொடுக்க வேண்டும்: 25 வயதில் விழுந்த 59 லட்சத்தைப் பத்திரமாகப் போட்டால் அதுவும் வளரும், 60 வயதில் வருகிற ஆர்.டி. அதற்கு நிகராகாது. அந்த வித்தியாசத்தைச் சேர்த்தாலும் 1,730 என்ற எண் அப்படியேதான் நிற்கிறது.

இப்போது உன் சின்னப் பரிசுக் கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை, நீ கேட்டிருக்கிறாய். லாட்டரி வேண்டாம் என்று பேசுகிறவர்கள் டிக்கெட்டுக்குப் போன முழுப் பணத்தையும் நஷ்டமாக எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. சின்னப் பரிசுகளாக ஒரு பங்கு திரும்பி வரத்தான் செய்கிறது.

அது எவ்வளவு என்று நீயே எண்ணிவிடலாம். மூன்று மணிக் குலுக்கல் முடிந்து கடையில் தொங்கும் முடிவுத் தாளை எடு. மேலே இரண்டு மூன்று பெரிய எண்கள், கீழே கடைசி நான்கு இலக்கங்கள் வரிவரியாக இருக்கும். ஒரு நான்கு இலக்க எண் 10,000 டிக்கெட்டில் ஒன்றுக்குப் பொருந்தும். தாளில் அப்படி 250 எண் இருந்தால், 40 டிக்கெட்டில் ஒன்றுக்கு ஏதோ ஒரு பரிசு. உனக்கு வருஷத்துக்கு 156 டிக்கெட், ஆக நான்கு முறை. பழக்கத்தைப் பிடித்துவைக்க அந்த நான்கு போதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கை ராசி தெரிகிறதே!

ஆனால் அந்த நான்கும் பெரும்பாலும் 100, 500 ரகம். தாளில் 5,000 ரூபாய்க்கான எண்கள் 20 இருந்தால், அது 500 டிக்கெட்டுக்கு ஒன்று, உன் வேகத்துக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. சின்னப் பரிசுகளாகத் திரும்பும் பணத்தில் பெரும்பங்கு இந்த அபூர்வமான 5,000-களில்தான் அடைந்து கிடக்கிறது. அதனால் சராசரியாக இத்தனை சதவீதம் திரும்பும் என்று தாளைப் பார்த்துக் கணக்கிட்டாலும், சாதாரண ஒரு வருஷத்தில் அதைவிடக் குறைவாகத்தான் கையில் வரும்.

என் மாமா ஒருவர் இப்படித்தான், நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு வருஷம் டைரியில் எழுதினார். மூன்று முறை 100, ஒரு முறை 500. மொத்தம் 800. "பார்த்தியா மாப்ளே, 800 வந்திருக்கு" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். யோசித்தார். 100 விழுந்த மூன்று தடவையும் கடைக்காரர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, "காசா வேணுமா, ரெண்டு டிக்கெட் கிழிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் டிக்கெட்தான். 500 விழுந்தபோது பத்து டிக்கெட் எடுத்து, கடையில் இருந்தவர்களுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார், டீக் காசு சொந்தப் பையிலிருந்து. டைரியில் வரவு 800, வீட்டுக்கு வந்தது சைபர்.

ஆகவே உன் கணக்கில் இரண்டு விதம் உண்டு. விழுகிற பரிசை டிக்கெட்டாகவே மாற்றிக்கொள்கிறாய் என்றால், பையிலிருந்து வாராவாரம் புதிதாகப் போகும் 150 முழுவதும் செலவுதான். ஆர்.டி. பக்கம் 15.6 லட்சத்தை அப்படியே வைத்து ஒப்பிடலாம். பரிசை நிஜமாகவே வீட்டுக்குக் கொண்டுவருகிறாய் என்றால், திரும்பியதைக் கழித்துவிட வேண்டும். கணக்குக்காக 40 சதவீதம் திரும்புகிறது என்று தாராளமாக வைத்தால், மாதம் 260 திரும்பியது, 390 போனது. ஆர்.டி. பக்கம் அந்த 390-ஐ மட்டும் வைக்க வேண்டும். 40 வருஷத்தில் அது 9.4 லட்சம். லாட்டரிக்கு நான் கொடுக்கக்கூடிய அதிகபட்ச நியாயம் அவ்வளவுதான்.

திரும்பாமல் போகிற பங்கு எங்கே போகிறது என்று கேட்பாய். 50 ரூபாய் டிக்கெட்டில் இப்போது ஜி.எஸ்.டி. மட்டும் 14 ரூபாய்க்கு மேல். 2025 செப்டம்பரில் லாட்டரிக்கான வரி 28-லிருந்து 40 சதவீதம் ஆனது. மீதி 35 ரூபாய் சொச்சத்தில்தான் பரிசு, கடைக்காரர் கமிஷன், அச்சுக் கூலி, அரசின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும்.

எல்லை தாண்டி இந்தப் பக்கம் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை. கேரள டிக்கெட் காகிதமாக மட்டும்தான் உண்டு, ஆன்லைனில் கிடையாது. வாட்ஸ்அப்பில் டிக்கெட் படம் அனுப்பிப் பணம் கேட்பவரிடம் மேலே சொன்ன 1,730-இல் ஒன்றுகூடக் கிடைக்காது.

ஆர்.டி. பக்கம் என்ன கெடும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 46,387 எல்லாருக்கும் வருவதில்லை. வாரக்கூலி வாங்குகிறவனுக்கு வாரம் 150 சுலபம், மாதம் ஒரே நாளில் 650 கஷ்டம். தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், உனக்கு 6.50. அது பெரிய விஷயமில்லை. ஆனால் நான்கு தவணை தவறிவிட்டால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்காவிட்டால் அதற்கு மேல் தவணை போட முடியாது.

அதைவிடப் பெரிய ஓட்டை, முன்கூட்டியே மூடுவது. மூன்று வருஷம் ஆன பிறகு மூடலாம், ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான், 4 சதவீதம். உன் 7,387 ரூபாய் வட்டி 4,000 வாக்கில் சுருங்கிவிடும். ஒரு தடவை ஐம்பத்தேழாவது தவணையில் ஒருவர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று பாஸ்புக்கை நீட்டினார். வரிசை நீளம், நானும் ஒன்றும் கேட்காமல் மூடிக் கொடுத்துவிட்டேன். இருப்பில் பாதியைக் கடனாக எடுத்திருக்கலாம், ஒரு வருஷம் தவணை கட்டியவருக்கு அது உண்டு, ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம்தான். மூன்று மாதம் கழித்து முழு வட்டியோடு கடனையும் கழித்துக்கொண்டு போயிருப்பார். அவர் தலை மறைந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உன் கவுண்ட்டரில் இருப்பவருக்கும் ஞாபகம் வராமல் போகலாம், நீயே கேள்.

டிக்கெட்டை முழுசாக விடு என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அப்பா இருக்கிற வீட்டில் நடக்காது. வாரம் ஒன்று வைத்துக்கொள், 50 ரூபாய், சந்தோஷத்துக்கு. மற்ற இரண்டின் பணம் மாதம் 430. மேலே சொன்ன மாதிரியே உருட்டினால் 40 வருஷத்தில் 10.3 லட்சம்.

ஆதார், பான், இரண்டு போட்டோ, முதல் தவணை, இவை போதும். நாளை மட்டும் பார்த்து ஆரம்பி. மாதம் 15-க்குள் ஆரம்பித்தால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், 16-க்கு மேல் ஆரம்பித்தால் மாதக் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. வாரக்கூலிக்காரன் 16-க்கு மேல் போவதே நல்லது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் நூறு ரூபாயை ஒரு டப்பாவில் போட்டுவா, நாலு சனியில் 400 ஆகிவிடும், மீதி 30-க்கு ஒரு வாரம் டீயைக் குறைத்துக்கொள்.